கையில் இருப்பது யாருடையது?
தெய்வ உருவங்களை ஆயுதம் கொண்டு அறியும் மரபு: ஒரு மறுபார்வை

கோயில் சிற்பி ஒருவரிடம் சிறுவன் ஒருவன் தொழில் பழகச் சேர்கிறான். ஒவ்வொரு தெய்வத்தையும் அது கையில் ஏந்தியிருப்பதைக் கொண்டு இனம் காணப் படிப்படியாகக் கற்கிறான். இந்தக் கருவை வைத்துச் சிறுகதை எழுத நினைப்பவருக்குப் பாதை முன்பே போட்டுக் கிடக்கிறது. மழுவும் மானும் என்றால் சிவன். சங்கும் சக்கரமும் என்றால் திருமால். அக்கமாலையும் கமண்டலமும் என்றால் பிரமன். பாசமும் அங்குசமும் என்றால் பிள்ளையார். பட்டியல் மனப்பாடம் ஆனதும் பையன் தேறிவிடுகிறான், கதையும் முடிகிறது.

பட்டறையில் உண்மையாகப் பழகியவர் இந்த இடத்தில் கதையை நிறுத்த மாட்டார். சங்கும் சக்கரமும் ஏந்திய துர்க்கை தமிழ்நாட்டில் எத்தனையோ சிவன் கோயில்களின் வடபுறச் சுவரில் நிற்கிறாள். அக்கமாலையும் கமண்டலமும் ஏந்திய முருகன் காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கருவறையிலேயே இருக்கிறான். திருவல்லிக்கேணி மூலவரின் கையில் சக்கரமே கிடையாது. அப்படியானால் கையில் இருப்பது தெய்வத்தின் அடையாளம்தானா, அடையாளம் என்றால் எந்த அளவுக்கு என்ற கேள்வி எழுகிறது. ஆகமம் வல்லார், சிற்பிகள், கலை வரலாற்றாளர்கள், கோயில் மரபினர் என நான்கு தரப்பார் இதற்கு வெவ்வேறு விடை சொல்லியிருக்கிறார்கள். அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே இடறுகின்றன என்பதை இக்கட்டுரை பார்க்கிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கோயில்களிலிருந்து எடுக்கப்பட்டவை.

நூல் சொல்வதே இலக்கணம் என்பவர்கள்

ஆயுதமே அடையாளம் என்ற நம்பிக்கைக்கு வேர் நூல்களில் இருக்கிறது. தியான சுலோகங்கள் ஒவ்வொரு மூர்த்தியையும் முகம், கை, நிறம், ஏந்தும் பொருள் என வரிசையாகச் சொல்கின்றன. காசிபம், மயமதம், மானசாரம் போன்ற சிற்ப நூல்களும் ஆகமங்களின் பிரதிமா இலக்கணப் பகுதிகளும் இதே வழியில் செல்கின்றன. இந்த நூல்களைத் தொகுத்துச் சிலைகளின் படங்களோடு பொருத்திப் பார்த்த முதல் பெருமுயற்சி கோபிநாத ராவுடையது. திருவிதாங்கூர் தொல்லியல் துறையில் பணியாற்றிய அவர் 1914 முதல் 1916 வரை வெளியிட்ட இந்து உருவ இலக்கண நூலைத் தொடாமல் இன்றும் இத்துறையில் யாரும் எழுதுவதில்லை. அதே 1916-இல் கிருஷ்ண சாஸ்திரியின் தென்னிந்தியத் தெய்வ உருவங்கள் பற்றிய நூலும் வந்தது.

நூல் வழியின் வலிமை எங்கே கூடுதலாகத் தெரிகிறது என்றால், திருமாலின் 24 மூர்த்திகளில். கேசவன், நாராயணன், மாதவன் என்று தொடங்கி 24 பெயர்கள் வருகின்றன. எல்லோருக்கும் நான்கு கைகள். எல்லோரும் ஏந்துவது சங்கு, சக்கரம், கதை, தாமரை என்ற அதே நான்கு பொருள்கள். எந்தக் கையில் எது என்ற வரிசை மட்டுமே மாறும். நான்கு பொருள்களை நான்கு கைகளில் 24 விதமாகத்தான் மாற்றி வைக்க முடியும். ஆகவே 24 பெயர்கள். கீழ் வலக்கையில் தொடங்கி மேல் வலம், மேல் இடம், கீழ் இடம் என்று சுற்றி வந்தால் தாமரை, சங்கு, சக்கரம், கதை என வருவது கேசவன். இங்கே முகம், நிற்கும் நிலை, மகுடம் எதுவும் உதவாது. கையைப் படித்தால்தான் பெயர் கிடைக்கும். கர்நாடகத்தின் ஹொய்சளக் கோயில்களில், 13-ஆம் நூற்றாண்டுச் சோமநாதபுரம் போன்ற இடங்களில், இந்த வரிசை மாற்றங்களைச் சிற்பிகள் கல்லிலேயே விளையாடிக் காட்டியிருக்கிறார்கள்.

இடறலும் அங்கேயேதான். அக்கினி புராணமும் பதும புராணமும் 15-ஆம் நூற்றாண்டில் மேவாரில் மண்டனன் எழுதிய ரூபமண்டனமும் தரும் வரிசைகள் பல பெயர்களுக்கு ஒத்துப்போவதில்லை. ஒரு நூலின்படி ஒரு பெயர் பெறும் சிலை, மற்றொரு நூலைத் திறந்தால் வேறு பெயர் பெறுகிறது. எந்த நூலை அந்தச் சிற்பி கேட்டிருப்பான் என்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் கை பேசும். தமிழ்நாட்டிலோ இந்த முறைக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. இங்கே திருமாலின் பின் கைகளில் வலத்தில் சக்கரமும் இடத்தில் சங்கும் ஏறத்தாழ நிலைத்துவிட்டன. முன் வலக்கை அபயம் காட்டும். முன் இடக்கை இடுப்பில் ஊன்றியிருக்கும் அல்லது கதையைப் பற்றியிருக்கும். மாற்றுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

நூல்களின் காலமும் தொல்லை தருகிறது. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத்சம்ஹிதை திருமாலுக்கு எட்டுக் கை, நான்கு கை, இரண்டு கை என மூன்றையும் ஒப்புக்கொள்கிறது. நான்கு கை உருவத்துக்கு வலப்பக்கம் அபயமும் கதையும், இடப்பக்கம் சங்கும் சக்கரமும் சொல்கிறது. சக்கரத்தை வலக்கையிலேயே பார்த்துப் பழகிய தமிழ்நாட்டு மாணாக்கன் இதைப் பிழை என்றே நினைப்பான். கோபிநாத ராவின் நூல் மீது பின்வந்தோர் வைக்கும் முதன்மையான குறையும் இதையொட்டியதே. வெவ்வேறு காலத்து, வெவ்வேறு நாட்டு நூல்களை ஒரே மேசையில் பரப்பி, தென்னாட்டுச் சிலைக்கு அவற்றில் பொருந்துவதை எடுத்துக்கொள்கிற போக்கு அதில் உண்டு. சிலைக்குப் பிந்திய நூல் சிலைக்கு விதியாக முடியாது. சிலையைப் பார்த்து எழுதிய குறிப்பாக அது இருக்கவும் கூடும்.

பட்டறையின் விடை

சிற்பிகளின் விடை எழுத்தில் குறைவாகவும் வேலை நடக்கும் ஒழுங்கில் அதிகமாகவும் கிடைக்கிறது. மாமல்லபுரத்தில் 1957-இல் அரசு சிற்பப் பள்ளி தொடங்கிய பிறகு இந்த அறிவில் ஒரு பகுதி பாடமாகவும் நூலாகவும் மாறியது. அப்பள்ளியை நெடுங்காலம் நடத்திய வை. கணபதி ஸ்தபதியின் ‘சிற்பச் செந்நூல்’ அவ்வகையில் முக்கியமானது.

வேலையின் ஒழுங்கைக் கவனித்தால் ஆயுதம் எவ்வளவு பின்னால் வருகிறது என்பது புலப்படும். முதலில் தாலமானம். சிவன், திருமால், பிரமன் ஆகிய மூவருக்கும் உத்தம தச தாலம், அதாவது மொத்த உயரம் 124 அங்குலப் பகுப்பு. தேவிக்கு மத்திம தச தாலம், 120 அங்குலம். பிள்ளையாருக்குப் பஞ்ச தாலம் போதும். கல்லின் முகத்தில் நடுநூல் கோடு போட்டு, அதிலிருந்து இருபுறமும் அளந்து, நிற்கும் நிலை நேரா வளைவா என்று முடிவாகிறது. பிறகு மகுடத்தின் வடிவம், தோள், முழங்கையின் மடிப்பு. பின் கைகள் இரண்டும் தோளுயரத்துக்கு எழுந்து இரண்டு விரல் நீட்டிய கத்தரி முத்திரையில் நிற்கும். அந்த விரல் நுனியில் எது வரப்போகிறதோ அதற்கான கல் திரளை மட்டும் சிற்பி விட்டுவைக்கிறார். மழுவா சக்கரமா என்பது அந்தத் திரளுக்குள் பிறகு வெளிப்படுகிறது. இந்தக் கட்டத்துக்கு முன்பே வேலை தெரிந்தவருக்கு அது சிவனா திருமாலா என்பது மகுடத்திலும் ஆடையிலும் தெரிந்துவிட்டிருக்கும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விளைவு வருகிறது. கருங்கல் மெலிதாகத் துருத்தி நின்றால் உடையும். ஆகையால் விரல் நுனியில் ஏந்திய மானுக்கும் மழுவுக்கும் பின்னால் ஒரு கல் பாலம் விட்டு, தலைக்கோ பின்பலகைக்கோ சேர்த்து வைப்பார்கள். அப்படியும் கோயில் இடிந்தாலோ சிலை இடம் பெயர்ந்தாலோ முதலில் போவது பின் கைகள்தாம். அருங்காட்சியகங்களில் கிடக்கும் கற்சிலைகளில் பலவற்றுக்கு மூக்கும் முன் கையும் பின் கையும் இருக்காது. ஆக, தெய்வத்தை அறிய எதை நம்பச் சொல்கிறோமோ அதுதான் காலத்தில் எளிதில் தொலைவது.

செப்புத் திருமேனிகளில் இது வேறு விதமாக நடக்கிறது. சுவாமிமலையில் இன்றும் மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை வார்க்கிறார்கள். மழு, மான் போன்றவற்றை மெழுகிலேயே விரலோடு சேர்த்துவிடலாம். வில் அப்படிப்பட்டதல்ல. சோழர் கால இராமர் திருமேனிகளிலும் திரிபுராந்தகர் திருமேனிகளிலும் முன் கைகள் இரண்டும் எதையோ பிடித்த பாவனையில் வெறுமையாக நிற்பதைக் காணலாம். வில் தனியே செய்து பூட்டப்பட்டது, பிறகு தொலைந்தது. வீணாதரருக்கு வீணை அப்படிப் போனது. இந்த வகையின் மிக அழகிய சான்று தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர், 1011-ஆம் ஆண்டுக் கல்வெட்டால் அறியப்படும் திருமேனி. பாம்பைத் தலைப்பாகையாகச் சுற்றிய சிவன் ஒரு காலை மடக்கி, முழங்கையை எதன் மேலோ சாய்த்து நிற்கிறார். சாய்ந்த எருது இன்று அங்கே இல்லை. கையில் ஆயுதமும் இல்லை. ஆனாலும் அவர் யார் என்பதில் ஒருவருக்கும் ஐயம் எழுந்ததில்லை. முழங்கையின் கோணமே சொல்லிவிடுகிறது. என் பார்வையில், பையனைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று இந்தத் திருமேனியின் முன் நிறுத்தாத கதை பாதிக் கதைதான்.

பட்டறை விடைக்கும் பலவீனம் உண்டு. அது இன்று உயிரோடு இருக்கும் மரபின் விடை. இன்றைய ஸ்தபதியின் கைப்பழக்கம் எட்டாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பியின் கைப்பழக்கமாகவே இருந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளச் சான்று போதாது. குருவிடமிருந்து மாணாக்கனுக்குத் தொடர்ந்து வந்தது என்று சொல்லப்படும் பல விதிகள் இடையில் அச்சான நூல்களைப் பார்த்துச் சரிசெய்யப்பட்டவையாக இருக்கவும் வாய்ப்புண்டு.

ஆயுதத்துக்கும் வயது உண்டு

மூன்றாவது தரப்பு வரலாற்றாளர்களுடையது. புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழூவோ துப்ராய் 1914-இல் தென்னிந்தியத் தொல்லியல் பற்றி எழுதிய நூலில் கோயில் கட்டடத்தையும் உருவங்களையும் கால வரிசையில் அடுக்கினார். அன்றைய சிற்பிகளிடம் பெயர்களைக் கேட்டறிந்து, அவர்கள் சொன்னதைக் கற்களில் சோதித்ததுதான் அவருடைய முறையின் புதுமை. அவர் காட்டிய வழியில், கையில் எது இருக்கிறது என்ற கேள்வியோடு அது எப்படி இருக்கிறது என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. பழைய பல்லவத் திருமாலின் சக்கரம் பார்ப்பவருக்கு விளிம்பு காட்டி, எறிவதற்கு ஆயத்தமானதைப் போல நிற்கும். பிற்காலத்தில் அது முகம் காட்டித் திரும்பி, சுற்றிலும் தீக்கொழுந்துகளைச் சூடி, விரல் நுனிக்கு ஏறிவிடுகிறது. சங்கும் அவ்வாறே. ஆயுதம் இங்கே தெய்வத்தின் பெயரைவிடச் சிலையின் வயதைத் தெளிவாகச் சொல்கிறது.

இந்த வழியில் மிக ஆழமாகச் சென்ற ஆய்வு முருகனைப் பற்றியது. பிரான்சுவாஸ் லெர்நோ 1978-இல் தமிழ்நாட்டுச் சுப்பிரமணியர் உருவங்களைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். இன்று வேல் இல்லாத முருகனை நாம் எண்ணிப் பார்ப்பதுகூட இல்லை. ஆனால் சோழர் கால உருவங்களில் நான்கு கை முருகனின் பின் கைகளில் அதிகம் காணப்படுவது குறுகிய சக்தியும் வச்சிரமுமே. ஆளுயர வேலைத் தோளில் சார்த்தி நிற்கும் கோலம் பரவலாவது பின்னால்தான் என்று தோன்றுகிறது. சங்க இலக்கியம் வேலோடு சேர்த்துப் பாடிய தெய்வம் கல்லில் ஏன் முதலில் வேறு பொருள்களோடு தோன்றினான் என்பது சிந்திக்கத்தக்கது. பாட்டின் மரபும் கல்லின் மரபும் ஒன்றாகவே நடந்ததாக நினைப்பதற்கு இது ஒரு தடை.

வரலாற்று வழியின் குறை, அது வளர்ச்சியை ஒரே நேர்கோடாகப் பார்த்துவிடுவது. எளியது முந்தியது, அலங்காரம் மிக்கது பிந்தியது என்ற எண்ணம் பல இடங்களில் பொருந்துகிறது. ஆனால் ஒரே காலத்தில் இரண்டு ஊர்ப் பட்டறைகள் இரண்டு விதமாகச் செய்திருக்கலாம் என்பதற்கு அதில் இடம் குறைவு.

ஒரு சிக்கலை அவிழ்த்துப் பார்த்தல்

நான்கு தரப்பில் மூன்று இதுவரை பேசியாயிற்று. இவை மோதிக்கொள்ளும் ஓர் இடத்தை நிதானமாகப் பார்ப்பது பயன் தரும். மாமல்லபுரம் திரிமூர்த்திக் குகை அதற்குத் தக்கது.

பாறையில் அடுத்தடுத்து மூன்று அறைகள். நடு அறையில் சிவன், தென்புற அறையில் திருமால். இவ்விருவரிலும் கருத்து வேற்றுமை இல்லை. வடபுற அறையில் நான்கு கைகளோடு ஓர் உருவம் நிற்கிறது. அதைப் பிரமன் என்றே நெடுநாள் சொல்லி வந்தார்கள். குகையின் பெயரும் அப்படித்தான் அமைந்தது. சிவன், திருமால் இருக்க மூன்றாவது ஆள் பிரமனாகத்தானே இருக்க வேண்டும்? இதற்குப் பழைய துணைச் சான்றும் உண்டு. மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைவித்த குகையின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் பிரமன், ஈசுவரன், திருமால் மூவருக்கும் எடுத்த கோயில் அது என்று சொல்கிறது. பல்லவர் மூவருக்கும் சேர்த்துக் கோயில் எடுத்தார்கள் என்பது அதனால் உறுதி.

ஆனால் வடபுற அறை உருவத்துக்குத் தலை ஒன்றுதான். புடைப்புச் சிற்பத்தில் நான்முகனைக் காட்டும்போது மூன்று முகமாவது தெரியும்படி செதுக்குவது வழக்கம். மார்பில் குறுக்காக ஓடும் சன்னவீரம் போர் வீரனுக்குரிய அணி, அது படைப்புத் தொழில் செய்யும் முதியவருக்குப் பொருந்தாது. இவற்றை எடுத்துக்காட்டிப் பல்லவக் குகைகளை ஆராய்ந்த கே. ஆர். சீனிவாசன் முதலானோர் அந்த உருவத்தைப் பிரம்ம சாஸ்தா என்று கொண்டனர். பிரணவத்தின் பொருள் தெரியாத பிரமனைச் சிறையில் வைத்துவிட்டு, படைப்புத் தொழிலைத் தானே ஏற்ற முருகனின் கோலம் அது. அந்தத் தொழிலுக்குரிய அக்கமாலையையும் கமண்டலத்தையும் ஏந்துவதே இக்கோலத்தின் இலக்கணம். குமரகோட்டத்து மூலவர் இந்தக் கோலம்தான்.

மாணாக்கனுக்கு இங்கே கிடைக்கும் பாடம் கூர்மையானது. பிரம்ம சாஸ்தாவின் கையில் இருப்பவை பிரமனுடைய பொருள்கள், வேண்டுமென்றே எடுத்துக்கொள்ளப்பட்டவை. கையைப் பார்த்துப் பிரமன் என்று சொல்பவனைப் பொருள் ஏமாற்றிவிடவில்லை. யாரிடமிருந்து அது வந்தது என்பதைச் சரியாகத்தான் சொல்கிறது. இப்போது யாரிடம் இருக்கிறது என்பதைத் தலையும் மார்பும் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் கதை முழுமையாகிறது.

அதே குகையின் முகப்பில், அறைகளுக்குத் தெற்கே, எருமைத் தலை மேல் எட்டுக் கைகளோடு துர்க்கை நிற்கிறாள். துர்க்கையின் நிலையும் இதை ஒட்டியதே. திருமாலின் தங்கை என்ற உறவை அவள் கையிலுள்ள சங்கும் சக்கரமும் சொல்கின்றன. அவள் யார் என்பதைக் காலடியில் கிடக்கும் தலை சொல்கிறது. நான்கு கைத் துர்க்கை வடபுறக் கோட்டத்தில் நிற்கும்போது, எருமைத் தலை தேய்ந்து மறைந்துவிட்டாலும், மார்பும் நிற்கும் சுவரும் குழப்பத்தைத் தீர்த்துவிடும். சோழர் கால அமைப்பில் தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே இலிங்கோத்பவர், வடக்கே பிரமனும் துர்க்கையும் என்ற ஒழுங்கு பெரும்பாலும் நிலைபெற்றது. எனவே கோட்டத்துப் பிரமனின் முகங்கள் சிதைந்திருந்தாலும் வடசுவர் அவரைக் காட்டிக்கொடுக்கும். இந்தத் துணை அருங்காட்சியகத்துக்கு வந்த சிலைக்கு இல்லை. சுவரை இழந்த உருவம் பாதிச் சாட்சியை இழந்த உருவம்.

திரிமூர்த்திக் குகை வாதத்தை முடிந்தது என்று சொல்லலாமா? ஒற்றைத் தலை வலுவான சான்று. ஆனால் மண்டகப்பட்டுக் கல்வெட்டு காட்டும் மூவர் வழிபாட்டை முழுவதும் தள்ளவும் முடியாது. பிரமன் இருக்க வேண்டிய இடத்தில், அவன் பொருள்களோடு முருகனை நிறுத்தியது ஒரு திட்டமிட்ட மாற்று என்று கொண்டால் இரண்டு சான்றும் ஒன்றோடொன்று இயைந்து போகின்றன. அதுவே பொருத்தமானதாக எனக்குப் படுகிறது, எனினும் குகையில் அதை உறுதி செய்யும் எழுத்துச் சான்று இல்லை.

பெயர் சூட்டுவது கோயில்

நான்காம் தரப்பு கோயில் மரபினருடையது. அவர்கள் கணக்கில், ஒரு திருமேனி யார் என்பதை முடிவு செய்வது வழிபாடு. கையிலுள்ளது அதன் பின்னால் வருவது. திருமலை வேங்கடவன் பற்றிய மரபு இதற்குப் பெயர் பெற்றது. மூலவர் யார் என்பதில் சைவரும் வைணவரும் வழக்காடியதாகவும், இராமானுசர் சங்கையும் சக்கரத்தையும் செய்வித்துக் கருவறையில் வைத்துக் கதவடைத்ததாகவும், விடிந்தபோது அவை இறைவன் கைகளில் இருந்ததாகவும் வைணவ மரபு சொல்கிறது. வரலாறாக இதைச் சோதிக்க வழியில்லை. மூலவரின் சங்கும் சக்கரமும் கல்லோடு சேர்ந்தவையாக இல்லாமல் தனியே பொருத்தப்பட்டவை என்பது மட்டும் அந்த மரபோடு ஒத்துப்போகிறது. பேயாழ்வார் திருமலையில் சடையையும் முடியையும் மழுவையும் சக்கரத்தையும் ஒருங்கே கண்டு பாடியிருப்பதைச் சிலர் இதற்குத் துணையாகக் கொள்வர். பக்திப் பாடலைச் சிலையின் விவரக் குறிப்பாகப் படிப்பது எவ்வளவு தூரம் சரி என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

திருக்கோவலூர் உலகளந்த பெருமாள் வலக்கையில் சங்கும் இடக்கையில் சக்கரமும் ஏந்தியிருக்கிறார். வரிசையை நம்பும் மாணாக்கனுக்கு இது தடுமாற்றம், வழிபடுவோருக்கு இது தலச் சிறப்பு. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி சங்கை மட்டும் வலக்கையில் ஏந்தி நிற்கிறார். பாரதப் போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்ற உறுதியால் சக்கரம் இல்லை என்பது விளக்கம். இங்கே இல்லாமையே அடையாளம். எந்தக் கையில் என்ன இருக்கிறது என்ற பட்டியலில் இப்படிப்பட்ட மூர்த்தியை எங்கே சேர்ப்பது?

கோயில் தரப்பின் குறை வெளிப்படையானது. பெயர் மாறலாம், மாறியும் இருக்கிறது. வழிபாடு நின்று மீண்டும் தொடங்கிய ஊர்களில் பழைய உருவம் புதிய பெயரோடு பூசை கொள்வது அரிதல்ல. இன்றைய பெயரை அன்றைய பெயராகக் கொண்டால் வரலாறு தவறிவிடும். அன்றைய பெயரை மட்டும் ஏற்போம் என்றால், உயிரோடு நடக்கும் வழிபாட்டைப் பிழை என்று சொல்ல நேரும். இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்று பிரித்துக்கொள்வதே நேர்மை.

உடைந்த சிலை முன்னால்

இந்த நான்கு விடைகளையும் வைத்துக்கொண்டு, பின் கைகள் இரண்டும் ஒடிந்த ஒரு கற்சிலையின் முன் மாணாக்கன் என்ன செய்யலாம்? முதலில் மகுடம். சடாமகுடமானால் சிவனோ பிரமனோ. உயர்ந்த கிரீட மகுடமானால் திருமால். அடுக்கடுக்காகக் குறுகும் கரண்ட மகுடமானால் தேவியோ முருகன் முதலிய தெய்வமோ. சடாமகுடம் என்று வைத்துக்கொள்வோம். முகம் ஒன்றா பலவா என்று பின்புறமும் பக்கமும் சென்று பார்க்க வேண்டும். ஒன்றே என்றால் சிவனின் பக்கம் சாய்கிறது. நெற்றிக்கண் இருக்கிறதா, இரு காதிலும் ஒரே குழையா வேறுவேறா, ஆடை தொடையோடு நிற்கிறதா கணுக்கால் வரை இறங்குகிறதா என்பவை அடுத்த சோதனைகள். சோழர் பாணியில் சிவனுக்குக் குறுகிய ஆடையும் திருமாலுக்கு நீண்ட ஆடையும் பெரும்பான்மை. தோளுக்கு மேல் பின்பலகையில் ஒடிந்த கல் பாலத்தின் தழும்பு இருந்தால், அதன் உயரமும் அகலமும் மெல்லிய மழுவின் காம்பையா, தட்டையான சக்கரத்தையா தாங்கியது என்று ஓரளவு ஊகிக்கலாம். கடைசியில் முன் கைகள். அவை அபயமும் வரதமும் காட்டி நேராக நின்றால் சந்திரசேகரர். வில் பிடித்த பாவனையில் நின்றால் திரிபுராந்தகர்.

இந்த வரிசையில் ஆயுதம் ஒருமுறைகூட நேரில் வரவில்லை. ஆயினும் ஒவ்வொரு படியிலும், காணாத ஆயுதத்தைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். எனவே ஆயுதத்தை அடையாளத்தின் தொடக்கமாக எண்ணுவதைவிட, மற்ற குறிகள் சொன்னதை உறுதி செய்யும் கடைசிச் சாட்சியாக எண்ணுவது உண்மைக்கு நெருக்கம் என்று கருதுகிறேன். வரிசையே பெயராகும் ஹொய்சளத் திருமால் உருவங்கள் இதற்கு விலக்கு.

தீராமல் இருப்பவை

சில கேள்விகளுக்கு இன்னும் விடை வரவில்லை. சிற்ப நூல்கள் சிலைகளுக்கு முந்தியவையா, சிலைகளைப் பார்த்து எழுதப்பட்டவையா என்பது நூலுக்கு நூல் தனித்தனியே தீர்க்க வேண்டிய வழக்கு. பெரும்பாலான நூல்களின் காலமே இன்னும் கணிசமான இழுபறியில் இருக்கிறது. பல்லவக் குகைகளின் கொம்புடைய வாயில் காவலர், திரிசூலமே ஆள் உருவம் எடுத்தது என்றும், மகுடத்தில் கோடரி முனை தெரிபவர் மழு ஆள் உருவம் எடுத்தது என்றும் சில ஆய்வாளர்கள் சொல்வது ஈர்ப்பான கருத்து. அது சரியானால், ஏந்தப்படும் பொருளுக்கும் ஏந்துபவருக்கும் இடையிலான கோட்டையே நாம் மறுபடி வரைய வேண்டியிருக்கும். எல்லா வாயில் காவலருக்கும் அது பொருந்துகிறதா என்பதை இடம் இடமாகச் சோதித்த பிறகே ஏற்க முடியும்.

சிலைகளை விவரித்துப் பட்டியல் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். ‘சிவன், கைகள் சிதைந்தவை’ என்று ஒரு வரியோடு நிறுத்த வேண்டாம். எந்தக் கை எந்த இடத்தில் ஒடிந்தது, தழும்பு எந்த உயரத்தில் நிற்கிறது, சிலை முன்பு எந்தச் சுவரில் இருந்தது என்பதையும் எழுதி வைக்கவும். பின்னால் வரும் ஒருவர் அந்தப் பெயரை மறுக்க விரும்பினால், அதற்குத் தேவையானது அந்தக் குறிப்புதான்.